கைப்பட்டிக் கணக்கை மூடுவதற்கு முன் சந்தாவை நிறுத்துங்கள்

உடற்பயிற்சிக் கைப்பட்டியின் கணக்கை மூடும் எண்ணத்தில் இருப்பவர்கள், அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். என் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டதாக நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பிய பிறகும், என் கடனட்டையிலிருந்து மாதச் சந்தா கழிந்துகொண்டே இருந்தது. எழுதிக் கேட்டேன். "இந்த மின்னஞ்சல் முகவரியில் எங்களிடம் கணக்கு எதுவும் இல்லை. கணக்கு இல்லாமல் கட்டண விபரங்களைப் பார்க்க முடியாது" என்று பதில் வந்தது. இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது? அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இதே குழி வேறு கைப்பட்டிகளிலும் இருக்கக்கூடும் என்பதால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

இரத்த அழுத்தம் கூடியபோது, தினமும் நடக்கச் சொன்னார் மருத்துவர். வெள்ளவத்தைக் கடற்கரையோரமும், விடுமுறை நாளில் காலிமுகத்திடலிலுமாக நடந்தேன். பட்டி எல்லாவற்றையும் பதிந்தது: நாடித்துடிப்பு, தூக்கம், மாதவிடாய் நாட்கள், நடந்த பாதையின் வரைபடம். அந்த வரைபடத்தை ஒருநாள் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் எங்கள் ஒழுங்கையில், எங்கள் கேற்றடியில் தொடங்கி அதே இடத்தில் முடிந்திருந்தது. நான் எத்தனை மணிக்கு வீட்டில் இல்லை என்பதையும் அதே படம் சொல்லியது. நிறுவனம் தன் தனியுரிமை விதிகளை மாற்றி, தரவைத் தன் கூட்டாளிகளுடன் பகிரலாம் என்று அறிவித்தபோது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பட்டியை என் பெறாமகளுக்குக் கொடுத்துவிட முடிவு செய்தேன்.

செயலியில் தரவை அழிப்பதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே போய் எல்லாவற்றையும் தெரிவு செய்து அழித்தேன். அழிக்கப்பட்டது என்று திரையும் சொல்லியது. மறுநாள் காலை செயலியைத் திறந்தால், கடந்த சில நாட்களின் தூக்கமும் நாடித்துடிப்பும் பழையபடி அங்கே இருந்தன. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "மீண்டும் ஒருமுறை அழித்துப் பாருங்கள்" என்றார்கள். மீண்டும் அழித்தேன், மீண்டும் வந்தது. பெறாமகள்தான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். "பெரியம்மா, நீங்கள் அழிப்பது அவர்களுடைய கணினியில் இருப்பதை. பட்டிக்குள் இருப்பது அப்படியே இருக்கிறது" என்றாள்.

அவள் சொன்னது சரி. இந்தப் பட்டிகளுக்குள் சிறிய நினைவகம் ஒன்று உண்டு. கைபேசி பக்கத்தில் இல்லாத நேரத்திலும் பதிவு விடுபடாமல் இருப்பதற்காக அது வைக்கப்பட்டிருக்கிறது. நான் பயன்படுத்தியது பிட்பிட் அல்ல. ஆனாலும் அளவு விளங்குவதற்காகச் சொல்கிறேன். பிட்பிட்டின் பெரும்பாலான கருவிகள் நிமிடவாரியான விபரத்தை 7 நாளுக்கும், நாள் மொத்தத்தை 30 நாளுக்கும் தமக்குள்ளேயே வைத்திருக்கும். புளூடூத் இணைப்புக் கிடைத்ததும், பட்டி தன்னிடம் உள்ளதைச் செயலிக்குக் கொடுக்கிறது, செயலி அதை நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்புகிறது. ஆகவே பட்டியை இணைப்பில் விட்டுவிட்டுத் தரவை அழித்தால், சமீபத்திய நாட்கள் திரும்பவும் ஏறிவிட இடமுண்டு. இதை அந்த அழிக்கும் பக்கத்தில் ஒரு வரியில் எழுதியிருக்கலாம். அவர்கள் எழுதவில்லை. வாடிக்கையாளர் சேவையில் இருந்தவரும் சொல்லவில்லை.

இதற்குச் சரியான வரிசை இதுதான். முதலில், வைத்துக்கொள்ள வேண்டிய தரவைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். பிறகு செயலியில் உங்கள் கருவியின் பக்கத்துக்குப் போய், அதைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். கைபேசியின் புளூடூத் பட்டியலிலிருந்தும் அதை நீக்குங்கள். பட்டியின் அமைப்புக்குள் சென்று `Factory reset` கொடுத்து உள்நினைவகத்தைத் துடையுங்கள். அதன் பிறகே கணக்கில் உள்ள தரவை அழியுங்கள். ஒரு நாள் பொறுத்துத் திறந்து பாருங்கள். அப்போதும் வெறுமையாக இருந்தால் அழிந்துவிட்டது என்று நம்பலாம்.

பட்டியிலும் சேவையகத்திலும் அழித்தாலும், பிரதி இன்னோரிடத்திலும் இருக்கலாம். அண்ட்ராய்டு கைபேசிகளில் `Health Connect` என்று ஒன்று இருக்கிறது. ஐபோனில் `Health` செயலி. பல கைப்பட்டிச் செயலிகள் தங்கள் தரவை அங்கேயும் எழுதிவைக்கின்றன. கைப்பட்டிக் கணக்கில் அழிப்பது இந்தப் பிரதியைத் தொடுவதில்லை. `Health Connect` அமைப்பில் அந்தச் செயலியின் அனுமதியை நீக்கும்போது, அது எழுதிய தரவையும் சேர்த்து அழிப்பதற்கான தெரிவு வரும். அதையும் குறியிட்டு விடுங்கள். நான் நடைப் பாதைகளை வேறொரு ஓட்டச் செயலியுடனும் இணைத்திருந்தேன். அங்கே போன வரைபடங்கள் அந்தச் செயலியின் சொத்துப்போல் அப்படியே கிடந்தன. அங்கே உள்நுழைந்து தனியாக அழிக்க வேண்டியிருந்தது. கைப்பட்டிக் கணக்கு திறந்திருக்கும்போதே, எந்தெந்தச் செயலிகள் இணைக்கப்பட்டுள்ளன என்ற பட்டியலைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு அந்தப் பட்டியல் உங்களுக்குக் கிடைக்காது.

இனிப் பதிவிறக்கம். நிறுவனம் அனுப்பியது ஒரு சிப் கோப்பு. உள்ளே சிஎஸ்வி, ஜேசன் வகைக் கோப்புகள் நிறைய. மருத்துவரிடம் காட்டுவதற்காகத் தூக்கத்தின் கோப்பைத் திறந்தபோது திடுக்கிட்டேன். நான் இரவு பத்தரைக்குப் படுத்த நாளில், மாலை ஐந்து மணிக்கே தூங்கியதாக, `17:00` என்று எழுதியிருந்தது. கோப்பில் உலகப் பொது நேரம் போடப்பட்டிருந்தது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் சரியாக வந்தது. இதைச் சொல்லாமல் மருத்துவரிடம் கொடுத்தால் அவர் வேறு முடிவுக்கு வந்துவிடுவார். கோப்பு வந்ததும் திறந்து பாருங்கள். உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு நாளைத் தேடிச் சரிபாருங்கள். நாடித்துடிப்பு வேண்டுமென்றால் அந்தக் கோப்பு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு முதலில் வந்ததில் நடந்த அடிகள் மட்டுமே இருந்தன. மற்றவற்றுக்கு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அழித்த பிறகு இதைக் கண்டிருந்தால் விண்ணப்பிக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

கணக்கை மூடும் கட்டம் இன்னும் மோசம். `Delete account` என்பதை அழுத்தியதும், உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். அது குப்பை அஞ்சல் பெட்டியில் போய் விழுந்தது. அதிலுள்ள இணைப்பைக் குறித்த நேரத்துக்குள் அழுத்தாவிட்டால் கோரிக்கை சத்தமில்லாமல் செத்துவிடும். அதை உறுதிப்படுத்திய பிறகு ஒரு காத்திருப்புக் காலம் தொடங்குகிறது. மனம் மாறினால் திரும்பி வரலாம் என்பதற்காகப் பல நிறுவனங்கள் இப்படி வைத்திருக்கின்றன. இந்த நாட்களுக்குள் கணக்கில் உள்நுழைந்தால், மூடும் கோரிக்கை ரத்தாகிவிடும். எங்கள் வீட்டில் அம்மா படம் பார்க்கும் பழைய டப்லெட்டில் அந்தச் செயலி உள்நுழைந்த நிலையிலேயே கிடந்தது. அவர் தவறுதலாக அதைத் தொட்டதே போதுமாக இருந்தது. "உங்களை மீண்டும் வரவேற்கிறோம்" என்று எனக்கு மின்னஞ்சல் வந்தது. மூடுவதற்கு முன் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, அங்கெல்லாம் செயலியையும் நீக்கிவிடுங்கள்.

செயலியை முன்பே நீக்கிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. கணக்குத் தொடங்க இடம்கொடுக்கும் செயலிகள், கணக்கை நீக்கக் கோருவதற்கு ஓர் இணைய முகவரியும் தரவேண்டும் என்பது கூகுள் பிளேயின் விதி. பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தில், `Data safety` என்ற பகுதியில் தேடுங்கள்.

இப்போது சந்தாவுக்கு வருகிறேன். நான் மேலதிக வசதிகளுக்கான சந்தாவை நிறுவனத்தின் இணையத்தளத்தில் கடனட்டை கொடுத்து வாங்கியிருந்தேன். கணக்கை மூடும் திரையில் "உங்கள் தரவு, நண்பர்கள், பதக்கங்கள் யாவும் இழக்கப்படும்" என்று எச்சரித்தவர்கள், சந்தா தொடரும் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்களுடைய கட்டணப் பிரிவு வேறு முறைமையில் இயங்குகிறது போலும். கணக்கு போனதும், சந்தாவை நிறுத்தும் பொத்தான் இருந்த பக்கமும் போய்விட்டது. அடுத்த மாதம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தபோதுதான் தெரிந்தது. பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் வழியாக வாங்கியவர்களுக்கு நிலைமை சற்று மேல். செயலியை நீக்கினால் அந்தச் சந்தாவும் நிற்காது; ஆனால் ஸ்டோரின் சந்தாப் பக்கத்துக்குப் போய் நீங்களே நிறுத்திக்கொள்ளலாம். இணையத்தளத்தில் அட்டை கொடுத்தவர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

வங்கிக் கிளையில் இருந்த பெண் அலுவலர் பொறுமையாகக் கேட்டார். முறைப்பாட்டுப் படிவம் தந்து, "மிஸ், நீங்கள் சந்தாவை நிறுத்தச் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்றார். என்னிடம் இருந்தது கணக்கு மூடப்பட்ட மின்னஞ்சலும், கணக்கே இல்லை என்ற அவர்களுடைய பதிலும். இரண்டையும் அச்சிட்டுக் கொடுத்தேன். பழைய அட்டையை ரத்துச் செய்து புதிய இலக்கத்தில் வேறு அட்டை தந்தார்கள். அட்டையை மாற்றினால் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். சில தொடர் கட்டணங்கள் புதிய இலக்கத்துக்கும் தானாக மாறிவருவதுண்டு என்று அவரே எச்சரித்தார். இந்த வணிகரின் கட்டணத்தை ஏற்கவேண்டாம் என்று தனியாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டுப் பார்த்தேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையில் சேர்க்கிறது. அழிக்கக் கோரும் உரிமையையும் சொல்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த முக்கிய பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதே எனக்குப் பயன்பட்டது.

ஒரு மாதத்துச் சந்தாவை வங்கி திருப்பிப் போட்டிருக்கிறது. மற்றதற்கான முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருக்கிறது. உங்களில் யாராவது கைப்பட்டிச் சந்தா வைத்திருந்தால், கணக்கு திறந்திருக்கும்போதே சந்தாவை நிறுத்தி, நிறுத்திய திரையைத் திகதி தெரியும்படி படமெடுத்து, கட்டண ரசீதுகளையும் பதிவிறக்கி வையுங்கள். ஏற்கெனவே மூடிவிட்டவர்கள் இன்றைக்கே கடனட்டைக் கூற்றை எடுத்து, மூடிய நாளுக்குப் பிறகு வந்த வரிகளைப் பாருங்கள். கட்டணம் நிறுவனத்தின் பெயரில் இல்லாமல், பணம் வசூலிக்கும் இடைத்தரகரின் பெயரிலும் வரக்கூடும். என்னுடையது அப்படித்தான் வந்தது. தொகையை வைத்துத் தேடுங்கள்.