வாராக்கடன் விகிதமா, வட்டி வரம்பா: ஒரு வங்கியை எதை வைத்து எடைபோடுவது?

ஒரு வங்கி நல்ல கடன்களாகப் பார்த்துக் கொடுக்கிறதா என்று தெரிந்துகொள்ள பெரும்பாலானவர்கள் பார்ப்பது இரண்டு எண்களை. ஒன்று, மொத்தக் கடனில் எத்தனை சதவீதம் வாராக்கடன் என்பது. இன்னொன்று நிகர வட்டி வரம்பு, அதாவது வாங்கிய வட்டியிலிருந்து கொடுத்த வட்டியைக் கழித்து, வட்டி ஈட்டும் சொத்துகளால் வகுத்தால் வருவது. இரண்டில் எது நம்பகமானது என்ற கேள்விக்குப் பதில், முதல் எண் எப்படிப் பிறக்கிறது என்பதில் இருக்கிறது.

இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்கு நாட்களால் ஆனது. மார்ச் 31 அன்று கட்ட வேண்டிய தவணை அன்றைய கணக்கு முடியும்வரை வரவில்லை என்றால், அன்றே அது பாக்கி. ஏப்ரல் 30-ல் எஸ்.எம்.ஏ.-1, மே 30-ல் எஸ்.எம்.ஏ.-2 என்று எச்சரிக்கைப் பட்டியலில் ஏறும். ஜூன் 29-ல் 90 நாட்களைத் தாண்டி வாராக்கடனாகிவிடும். பயிர்க்கடனுக்கு மட்டும் நாட்களுக்குப் பதில் பயிர்ப் பருவம்தான் கணக்கு. ஒருவரின் ஒரு கடன் கெட்டால், அதே வங்கியில் அவருக்கு இருக்கும் மற்றக் கடன்களும் சேர்ந்தே கெடும். அப்புறம் ஒரு தவணையை மட்டும் கட்டிவிட்டு வெளியே வர முடியாது, பாக்கி முழுவதையும் தீர்க்க வேண்டும்.

வாராக்கடன் ஆன நாளில் இன்னொன்றும் நடக்கிறது. இந்த இடத்தில்தான் இரண்டு எண்களும் சந்திக்கின்றன. அதுவரை வந்ததாக எழுதி, ஆனால் கையில் வராத வட்டியை வங்கி வருமானத்திலிருந்து திருப்பி எடுக்க வேண்டும். இனிமேல் பணமாக வந்தால்தான் வட்டி வருமானம். ஆனால் டெபாசிட்காரருக்குக் கொடுக்கும் வட்டி நிற்காது. ஆகவே வரம்பு சுருங்குகிறது.

சரி, 1,000 கோடி கடன் கொடுத்த இரண்டு கற்பனை வங்கிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் டெபாசிட்டுக்கு 6% தருகின்றன. முதல் வங்கி அடமானத்தின் பேரில் 9.5% வட்டிக்குத் தருகிறது. இரண்டாவது, அடமானமில்லாமல் 13% வட்டிக்குத் தருகிறது. முதல் வங்கியில் 10 கோடியும் இரண்டாவதில் 80 கோடியும் கெட்டுப்போய், ஆண்டு முழுக்க வட்டி வரவில்லை என்று வைப்போம். முதல் வங்கியின் வரம்பு 3.5%-லிருந்து ஏறக்குறைய 3.4% ஆகும். இரண்டாவதின் வரம்பு 7%-லிருந்து ஏறக்குறைய 6%. இதை மட்டும் பார்த்தால் இரண்டாவது வங்கிதான் கெட்டிக்கார வங்கி.

ஆனால் கெட்ட கடனுக்காக ஒதுக்கி வைக்கும் பணம் வட்டி வரம்பில் சேராது, லாபத்தில்தான் கழியும். முதல் 12 மாதங்கள் அது ‘தரம் குறைந்த கடன்’. அடமானம் இருந்தால் 15%, இல்லாவிட்டால் 25% ஒதுக்க வேண்டும். பிறகு ‘சந்தேகத்துக்குரிய கடன்’ ஆகும்போது, அடமானம் முழுமையாக ஈடுகட்டும் கடனுக்கு 25%, அடமானமில்லாததற்கு 100%. எனவே முதல் ஆண்டில் முதல் வங்கி 1.5 கோடியும் இரண்டாவது 20 கோடியும் ஒதுக்குகின்றன. இரண்டாம் ஆண்டில் புதிதாக எதுவும் கெடாவிட்டாலும் இரண்டாவது வங்கி மீதி 60 கோடியை ஒதுக்கியாக வேண்டும். அதன் வட்டி லாபமே 59.6 கோடிதான். ஊழியர் சம்பளத்துக்கு முன்பே கையிருப்பு தீர்ந்துவிடுகிறது, அப்போதும் வரம்பு 6% என்றே காட்டும்! முதல் வங்கிக்கோ கூடுதல் ஒதுக்கீடு 1 கோடிதான், 33 கோடி மிஞ்சுகிறது.

அதனால் வட்டி வரம்பைத் தனியாகப் படிக்காதீர்கள். அதிலிருந்து ஆண்டு ஒதுக்கீட்டைக் கடனின் சதவீதமாகக் கழித்துவிட்டுப் படியுங்கள். என் கணிப்பில், வாராக்கடன் விகிதத்தைவிட இந்த மீதி எண்தான் அதிகம் சொல்கிறது. வாராக்கடன் விகிதத்தைக் குறைக்க, பழைய கடன்களைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளினாலே போதும். தொகுதியும் பகுதியும் சேர்ந்து குறைந்து விகிதம் அழகாகிவிடும். எழுதித் தள்ளுவதற்கு முன் ஒதுக்கிய பணமோ ஏதோ ஒரு ஆண்டின் லாபத்தில் தழும்பாக நிற்கும்.

ஆனாலும் இரண்டு எண்களுக்கும் ஒரே பலவீனம் உண்டு: கடனை நேர்மையாக வகைப்படுத்தியிருக்க வேண்டும். பழைய கடனை அடைக்க அதே ஆளுக்குப் புதுக் கடன் கொடுத்தால் 90 நாள் எண்ணிக்கை தொடங்கவே தொடங்காது. வராத வட்டி வந்ததாகவே எழுதப்படும், வரம்பும் செழிப்பாகத் தெரியும்.

எப்படி மறைத்தாலும் சரி, வகைப்படுத்தல் தவறினால் இரண்டு எண்களும் சேர்ந்தே பொய்யாகின்றன. 2015-16-ல் யெஸ் வங்கி தன் வாராக்கடன் சுமார் 749 கோடி என்றது. ரிசர்வ் வங்கியின் மதிப்பீட்டில் அது சுமார் 4,926 கோடி. அந்த ஆண்டு அதன் வட்டி வரம்பு 3.4% அளவில் ஆரோக்கியமாகவே இருந்தது. 2020 மார்ச்சில் அந்த வங்கியில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது.

இப்படிப்பட்ட வித்தியாசம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வங்கிகள் அதை வெளியிட வேண்டும் என்று 2017 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆண்டறிக்கையின் கணக்குக் குறிப்புகளில், சொத்து வகைப்படுத்தலிலும் ஒதுக்கீட்டிலும் உள்ள வேறுபாடு என்ற தலைப்பில் அந்தப் பட்டியல் இருக்கும். வட்டி வரம்பு உயர்ந்த வங்கி ஒன்றைப் பார்த்தால் முதலில் அந்தப் பக்கத்துக்குப் போங்கள்.