புதிய வாடிக்கையாளருக்கு முதல் மின்னஞ்சல்: முழுப் பட்டியலா, முதல் இரண்டு கைச்சாத்தா?

புறக்கோட்டையில் துணி இறக்குமதி செய்யும் ஒரு சிறு கம்பனியை எடுத்துக்கொள்வோம். ஒன்பது ஊழியர்கள். பழைய கணக்காளரிடமிருந்து விலகி, மாதக் கணக்கு, சம்பளம், வரி எல்லாவற்றையும் முதலாம் திகதி முதல் புதிய கணக்கியல் நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கிறார்கள். அந்த நிறுவனம் இரண்டாம் திகதி முதலாளிக்கு வரவேற்பு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அதை இரண்டு விதமாக எழுதலாம்.

முதல் விதத்தில் எல்லாமே ஒரே மடலில் போகும். நிறுவனத்தைப் பற்றி ஒரு பந்தி, வேலை நடக்கும் ஐந்து கட்டங்கள், பிறகு கேட்கும் ஆவணங்கள்: கம்பனிப் பதிவுச் சான்றிதழ், டின் இலக்கம், வற் பதிவு, வங்கிக் கூற்றுகள், சம்பளப் பட்டியல், இருப்புக் கணக்கு என்று பன்னிரண்டு. கடைசியில் ஒரு பொது மின்னஞ்சல் முகவரி. இரண்டாவது விதம் சிறியது:

"வணக்கம் ஐயா. எங்களோடு சேர்ந்ததற்கு நன்றி. இப்போது இரண்டு கடிதங்களில் மட்டும் உங்கள் கைச்சாத்து வேண்டும், ஐந்தாம் திகதிக்குள். ஒன்று, எங்களை நியமிக்கும் ஒப்பந்தக் கடிதம். மற்றது, உங்கள் பழைய கணக்காளரோடு நாங்கள் பேச நீங்கள் தரும் அனுமதி. இரண்டையும் இணைத்திருக்கிறேன். அச்சிட்டுக் கைச்சாத்திட்டுப் படம் எடுத்து அனுப்பினாலும் இப்போதைக்குப் போதும், மூலப் பிரதியை எங்கள் ஆள் வந்து வாங்குவார். அன்றாட விஷயம் எதுவானாலும் என்னையே அழையுங்கள். நான் எடுக்காவிட்டால் எங்கள் பங்காளரை அழையுங்கள். இரண்டு இலக்கங்களும் கீழே. கடிதங்கள் கிடைத்த அன்றே அடுத்து என்ன வேண்டும் என்று எழுதுகிறேன்."

எனக்கு இந்த இரண்டாவதுதான் சரி. காரணம் அதன் நீளம் மட்டுமல்ல, எது முதலில் வர வேண்டும் என்று எழுதியவரே யோசித்திருக்கிறார். பன்னிரண்டு ஆவணங்களில் பெரும்பாலானவை முதலாளியின் கையில் இல்லை, பழைய கணக்காளரின் அலுமாரியில் இருக்கின்றன. அனுமதிக் கடிதம் போகாமல் அவர் வாய் திறக்க மாட்டார். வாடிக்கையாளரின் விவரங்களை அனுமதியின்றி வெளியே சொல்லக்கூடாது என்பது கணக்காளர்களின் ஒழுக்கக் கோவை. கடிதம் போனாலும் பதில் வரச் சில நாள் ஆகும். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியைப் பதினைந்தாம் திகதிக்குள் கட்ட வேண்டும், சேமலாப நிதியை மாத முடிவுக்குள். பின்னாலிருந்து எண்ணினால் ஐந்தாம் திகதிக்கு அப்பால் இடமில்லை. நடுவில் ஒரு போயா விடுமுறை வந்தால் இன்னும் இறுகும்.

முதல் மடல் போனால் என்ன நடக்கும்? முதலாளி அதைக் கடையில் நின்றபடி கைபேசியில் பார்ப்பார். "நன்றி, பார்க்கிறேன்" என்று பதில் வரும். அடுத்த நாள் கையில் கிடைத்த சில பற்றுச்சீட்டுகளின் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழும், பெரும்பாலும் நாம் இப்போது கேட்காதவை. இதுதான் அடையாளம்: வாடிக்கையாளர் எளிதானதை அனுப்புகிறார் என்றால், எது அவசரம் என்று மடல் சொல்லவில்லை. "தம்பி, இதை ஆருக்கு அனுப்புறது?" என்று அழைப்பு வந்தால், தொடர்புப் பகுதி தோற்றுவிட்டது. பொது முகவரிக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. ஒரு பெயர், ஒரு இலக்கம், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர்: இவ்வளவு போதும்.

ஆனாலும் முதல் விதத்துக்கும் இடமுண்டு. கோட்டைப் பக்கம் அலுவலகம் வைத்து, சொந்தமாகக் கணக்குப் பிரிவும் நிதி முகாமையாளரும் உள்ள கம்பனி என்றால் முழுப் பட்டியலையே அவர் விரும்புவார். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு லிகிதரிடம் பிரித்துக் கொடுத்துவிடுவார். துண்டு துண்டாகக் கேட்டால் அவருக்கு எரிச்சல் வரும். அங்கேயும் பட்டியலின் தலையில் அந்த இரண்டு கைச்சாத்துகளும் திகதியோடு இருக்க வேண்டும், தலைப்பு வரியிலேயே வந்தால் இன்னும் நல்லது. "அன்புடன் வரவேற்கிறோம்" என்ற தலைப்பை ஆறுதலாகப் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். "ஐந்தாம் திகதிக்குள் இரண்டு கைச்சாத்து" என்பதை ஒதுக்குவது கடினம்.

எந்த விதமாக எழுதினாலும் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்வேன். இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவைக்கான கடவுச்சொல்லை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம், நேரில் தாருங்கள் என்பது ஒன்று. எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று எப்போதாவது மடல் வந்தால், பணம் போடும் முன் இந்த முதல் மடலில் உள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள் என்பது மற்றது. அப்படிப் போலி மடல் அனுப்பிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையான இலக்கம் எது என்பதை முதல் நாளே வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும்.