கண் ரோசேசியா: வெந்நீர் ஒத்தடமா, டாக்ஸிசைக்ளின் மாத்திரையா?

பட்டர்வொர்த்தில் தோசைக்கடை நடத்தும் என் அக்காவுக்கு முகம் சிவந்து, கண் எரிந்து, ஓராண்டில் நான்கு முறை கண்கட்டி வந்த பிறகே அது முகத்தோலையும் கண்ணையும் பாதிக்கும் நீடித்த அழற்சி நோயான ரோசேசியா என்று தெரிந்தது. இமை விளிம்பிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபடுவதால்தான் கட்டி திரும்பத் திரும்ப வருகிறது.

செலவு: ஒத்தடத்துக்குச் சுத்தமான துணி போதும், டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு வேண்டும்.

பலன்: ஒத்தடம் உறைந்த எண்ணெயை இளக்கும். ஆனால் துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடுவதால், மீண்டும் மீண்டும் வெதுவெதுப்பாக நனைத்து 5 முதல் 10 நிமிடம் வைத்து, பிறகு இமையை விளிம்பை நோக்கி மெல்ல நீவ வேண்டும். அக்கா ஒரே முறை நனைத்து நிறுத்தியதால்தான் பயனில்லை என்றார். மாத்திரையோ குறைந்த அளவில், சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை, அழற்சியைத் தணிக்கவே தரப்படுகிறது.

சிரமம்: ஒத்தடம் தினமும் நேரம் கேட்கும். மாத்திரை வயிற்றைப் புரட்டலாம், நம் ஊர் வெயிலில் தோல் எளிதில் எரியும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

எரிச்சல் மட்டும் என்றால் ஒத்தடமே போதும். கட்டிகள் ஓயாவிட்டால் மாத்திரையைச் சேர்க்கலாம். அதை நிறுத்தியபின் நோய் திரும்பக்கூடும் என்பதால் ஒத்தடத்தை விடக் கூடாது. கண் வலியும் வெளிச்சக் கூச்சமும் பார்வை மங்கலும் வந்தால் கருவிழி பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.