அதே மருந்துதான், கம்பெனிதான் வேற

பாளையங்கோட்டைக்கு மூன்று வாரம் போய்விட்டு லண்டன் திரும்பி நான்கு நாள் ஆகிறது. கல்யாணம், கோயில், திருச்செந்தூர் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. மனதில் நிற்பது ஒரு மாத்திரை அட்டைதான்.

வாசலுக்கு வந்த அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பேச்சு குழறியது. "வயசாயிட்டுல்லா" என்றாள் அம்மா. எனக்குப் பக்கவாதமோ என்று பயம். மறுநாளே நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தி, அப்பாவைப் பார்வையால் தொடரச் சொன்னார். கருவிழி ஓரத்தில் போய் நின்று துடித்தது. உடனே கேட்டார்: "வலிப்பு மாத்திரைய மாத்தினீங்களா?"

மாற்றியிருந்தார்கள், எங்களுக்குத் தெரியாமலே. இருபது வருஷமாக அப்பாவுக்கு ஃபெனிடாயின், ராத்திரி 300 மில்லிகிராம், ஒரே கம்பெனி. நான் பள்ளியில் படிக்கும்போது தெருமுனை மெடிக்கல் அண்ணாச்சியிடம் சீட்டே நீட்ட வேண்டாம், "அப்பாவுக்கு" என்றால் போதும், அட்டையைச் சரியாக எடுத்துத் தருவார். இப்போது கடை கைமாறிவிட்டது. ஸ்டாக் இல்லை என்று இரண்டு மாதம் முன்பு வேறு கம்பெனி அட்டை கொடுத்திருக்கிறார்கள். நான் போய்க் கேட்டபோது கடைத்தம்பி, "அதே மருந்துதான்ணே, கம்பெனிதான் வேற" என்றான். நல்ல பையன், ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால், சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதில், உள்ளே அதே சரக்கு இருந்தாலும் வேறொன்றைக் கொடுக்கக் கூடாது என்று மருந்துச் சட்ட விதி இருக்கிறது. அது அவனுக்குத் தெரியவில்லை.

இரத்தத்தில் ஃபெனிடாயின் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அப்பாவுக்குப் போன வருஷம் 17. இந்தமுறை 26.

அளவு மாறாமல் இது எப்படி ஏறும் என்பதை டாக்டர் பொறுமையாக விளக்கினார். பெரும்பாலான மருந்துகளில் நூற்றில் பத்து பங்கு கூடுதலாகச் சேர்ந்தால், இரத்தத்திலும் நூற்றில் பத்து பங்குதான் கூடும். ஃபெனிடாயினை உடைக்கும் ஈரல் நொதிக்கு ஓர் எல்லை உண்டு. அதை நெருங்கியபின் கூடுதலாக வருவதை உடைக்க ஆளில்லை, தேங்கிக்கொண்டே போகும். அப்பாவைப் போல மேல்விளிம்பில் இருப்பவருக்கு, குடலிலிருந்து நூற்றில் ஏழெட்டு பங்கு கூடுதலாக உறிஞ்சினாலே 17 மெல்ல மெல்ல 26 ஆகிவிடும். அதற்குச் சில வாரம் பிடிக்கும் என்பதால்தான் யாருக்கும் மாத்திரைமேல் சந்தேகம் வரவில்லை.

1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இதுவே பெரிய அளவில் நடந்தது. ஃபெனிடாயின் குளிகையில் மருந்தின் அளவு அப்படியே இருந்தது. இட்டுநிரப்பும் தூளை மட்டும் கால்சியம் சல்பேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றினார்கள். உறிஞ்சல் கூடி, பல நோயாளிகள் தள்ளாடி விழுந்தார்கள்.

ஜெனரிக் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் சர்க்கரை மாத்திரையை மக்கள் மருந்தகத்தில்தான் வாங்கினேன். விலை பாதிக்கும் கீழே, சர்க்கரையும் கட்டுக்குள்தான். அப்பாவின் பழைய அட்டையும் மருந்தை முதலில் கொண்டுவந்த மூல கம்பெனியுடையது இல்லை, வேறு கம்பெனி அதே மருந்தைச் செய்து தன் பெயர் வைத்த ஜெனரிக்தான். நம் ஊரில் பிராண்டு என்று வாங்குவதில் பெரும்பகுதி அப்படித்தான். ஜெனரிக்கைச் சோதிக்கும்போது மூல மருந்தோடுதான் ஒப்பிடுவார்கள். இரத்தத்தில் சேரும் அளவு, கணக்கில் வரக்கூடிய பிழையையும் சேர்த்து, மூல மருந்தின் அளவில் 80-க்கும் 125 சதவீதத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். அந்தச் சோதனையில் இரண்டு ஜெனரிக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில்லை. ஒன்று சற்றுக் கீழே, இன்னொன்று சற்று மேலே இருந்தால் இரண்டும் தேறிவிடும். சர்க்கரை மாத்திரையில் அந்த இடைவெளி தெரியாது, ஃபெனிடாயினில் தெரியும்.

லண்டனில் என் டாக்டர் எல்லாவற்றையும் மருந்தின் பொதுப்பெயரில்தான் எழுதுகிறார், மாசத்துக்கொரு கம்பெனி வரும், கவலைப்பட்டதே இல்லை. ஆனால் ஃபெனிடாயின் உள்ளிட்ட சில வலிப்பு மருந்துகளுக்கு மட்டும் ஒரே தயாரிப்பாளரை விடாமல் கொடுக்கச் சொல்லி 2013-இலேயே அங்கே அரசு அமைப்பு அறிவுறுத்திவிட்டது. அப்படியொரு சின்னப் பட்டியல் நம் ஊர் மெடிக்கல் கவுன்டரில் ஒட்டியிருந்தால் அப்பா இரண்டு மாதம் தள்ளாடியிருக்க மாட்டார். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நரம்பு டாக்டர் இரண்டு ராத்திரி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பிறகு பழைய கம்பெனியையே தொடரச் சொன்னார். அதற்காக வண்ணார்பேட்டை வரை அலைந்தேன். பத்து நாள் கழித்து, காலையில் எடுத்த இரத்தத்தில் 16. காலி அட்டையின் மூலையைக் கத்தரித்து அம்மா தன் பர்ஸில் வைத்திருக்கிறாள். கடைத்தம்பியும் நோட்டில் கம்பெனி பெயரை எழுதி, "இல்லேன்னா போன் போடுறேன்ணே, வேற தரமாட்டேன்" என்றான். நான் கிளம்பிய காலை அப்பா தனியாகவே தெருமுனைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வந்தார்.