ஆன்லைன் பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணிப் பலன் உண்டா? சில வருட அனுபவம்

நான் இருப்பது இங்கிலாந்தில். பிளாக்ஜாக் என்பது 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்தப் பார்க்கும் சீட்டாட்டம். உரிமம் பெற்ற தளங்களில் பணம் வைத்து அதை ஆட இங்கே சட்டம் அனுமதிக்கிறது. இந்தியாவில் 2025-ல் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. அங்கிருந்து படிப்பவர்கள் இதைக் கணக்காக மட்டும் பாருங்கள். இலவசமாகப் பழகும் ஆட்டங்களிலேயே எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சில வருடங்களாகச் சின்னப் பந்தயத்தில் இரண்டு வகையும் ஆடி வருகிறேன். ஒன்று, மென்பொருளே சீட்டுப் போடும் ஆட்டம். இன்னொன்று, கேமரா முன்னால் ஒரு டீலர் நிஜச் சீட்டுப் போடும் லைவ் மேசை. ஊரிலிருந்து மச்சான் பேசும்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சீட்டை எண்ணத் தெரிஞ்சா ஜெயிச்சிடலாமாமே, ஆப் எல்லாம் விக்கிறாங்களே?" அவருக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் பேசிக் ஸ்ட்ராட்டஜி. உங்கள் கையில் என்ன இருக்கிறது, டீலர் திறந்து காட்டும் சீட்டு என்ன, இந்த இரண்டை மட்டும் வைத்து ஒவ்வொரு நிலைக்கும் கணக்குப்படி எது சிறந்த முடிவு என்று சொல்லும் அட்டவணை அது. 1956-ல் பால்ட்வின், கேன்ட்டி, மைசல், மெக்டர்மாட் என்ற நான்கு அமெரிக்க ராணுவத்தினர் மேசைக் கால்குலேட்டரை வைத்தே இதைப் போட்டு வெளியிட்டார்கள். பிறகு கணினியில் ஓட்டிப் பார்த்தபோதும் அவர்கள் கணக்குப் பெரிதாக மாறவில்லை.

அட்டவணையின் குணம் புரிய ஒரு கையைப் பார்ப்போம். உங்களிடம் 10-ம் 6-ம், மொத்தம் 16. டீலர் காட்டுவது 10. பத்து பவுண்டு வைத்திருக்கிறீர்கள். அப்படியே நின்றால், டீலர் 21-ஐத் தாண்டி உடைந்தால்தான் உங்களுக்கு ஜெயம். அது நூற்றில் சுமார் 23 தடவைதான் நடக்கும். இன்னொரு சீட்டு வாங்கினால், பதிமூன்று வகைச் சீட்டில் எட்டு வகை உங்களை உடைத்துவிடும். இரண்டுக்கும் கணக்குப் போட்டால் சராசரி நட்டம் ஏறக்குறைய ஒன்றே: பத்து பவுண்டுக்கு ஐந்து பவுண்டு நாற்பது பென்ஸ். வாங்குவது மயிரிழையில் மேல், அவ்வளவுதான். சரண்டர் இருக்கும் மேசையில் பாதியை விட்டுக்கொடுத்து விலகினால் நட்டம் ஐந்து பவுண்டோடு நிற்கும். அதனால் அட்டவணை சரண்டர் என்கிறது. அது இல்லையென்றால் ஹிட், அதாவது இன்னொரு சீட்டு வாங்குவது.

இங்கே எல்லா வழியும் நட்டம்தான். இருப்பதில் குறைந்த நட்டத்தைத் தேடிக் கொடுப்பதுதான் அட்டவணையின் வேலை. நல்ல விதிகள் உள்ள மேசையில் அதை அப்படியே பின்பற்றினால், கேசினோவின் சாதகம் அரை சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். நூறு பவுண்டு பந்தயத்துக்குச் சராசரியாக ஐம்பது பென்ஸ் போகும். உள்ளுணர்வை நம்பி ஆடுகிறவருக்கு இது பல மடங்கு ஆகும். எனக்கு உண்மையிலேயே பலன் தந்தது இந்த அட்டவணைதான். ஆன்லைனில் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு ஆடலாம், மனப்பாடம்கூட வேண்டாம்.

அட்டவணையைவிட முக்கியமான ஒன்று திரையிலேயே எழுதியிருக்கும். Blackjack pays 3 to 2 என்றிருந்தால் உட்காருங்கள். 6 to 5 என்றிருந்தால் எழுந்துவிடுங்கள். ஏஸும் பத்தும் சேர்ந்து பிளாக்ஜாக் விழுவது ஏறக்குறைய 21 கைக்கு ஒரு தடவை. பத்து பவுண்டுக்கு முதல் மேசை பதினைந்து தரும், இரண்டாவது பன்னிரண்டுதான் தரும். அந்த மூன்று பவுண்டு வித்தியாசம் கேசினோவின் சாதகத்தில் ஏறக்குறைய 1.4 சதவீதத்தைக் கூட்டிவிடுகிறது. அட்டவணையைப் படித்துச் சம்பாதித்ததெல்லாம் அந்த ஒரு வரியிலேயே போய்விடும்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். 1962-ல் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் உலகத்துக்குச் சொன்னது இது: போன சீட்டு திரும்பி வராத வரைக்கும், மிச்சமிருக்கும் கட்டின் தன்மை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒற்றைக் கட்டிலிருந்து நான்கு ஐந்துகளும் போய்விட்டால், ஆடுகிறவருக்கே சுமார் மூன்று சதவீதம் சாதகம் வந்துவிடும். பத்தும் ஏஸும் மிச்சத்தில் அதிகமிருந்தால் நமக்கு நல்லது. பிளாக்ஜாக்குக்குக் கூடுதல் பணம் கிடைப்பது நமக்கு மட்டும்தான், டீலரும் அதிகம் உடைவார். சின்னச் சீட்டுகள் அதிகமிருந்தால் டீலருக்கு நல்லது.

இதை மனதில் வைத்துக்கொள்ள ஹை-லோ முறை போதும். 2 முதல் 6 வரை எது வந்தாலும் ஒன்று கூட்டு. பத்து, படச்சீட்டு, ஏஸ் வந்தால் ஒன்று கழி. 7, 8, 9 வந்தால் விட்டுவிடு. வரும் தொகையை மிச்சமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் உண்மை எண்ணிக்கை. அது ஒவ்வொன்று ஏறும்போதும் தோராயமாக அரை சதவீதம் நம் பக்கம் சாயும். ஒன்றில் சமநிலை, இரண்டில் நமக்கு அரை சதவீதம்.

இந்த அறிவு காசாவது ஒரே ஒரு இடத்தில்: அடுத்த கைக்குப் பந்தயம் வைக்கும் அந்த நொடியில். கட்டு நமக்குச் சாதகமாக இருக்கும்போது அதிகமாக வைக்கிறோம், மற்ற நேரத்தில் குறைவாக வைக்கிறோம். எண்ணிக்கையின் லாபத்தில் பெரும்பகுதி இதுதான். அதற்கு, போன கையின் சீட்டுகள் இந்தக் கையிலும் வெளியிலேயே இருக்க வேண்டும்.

மென்பொருள் ஆட்டத்தில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் ஒவ்வொரு கைக்கும் முன்னால் முழுக் கட்டுகளையும் புதிதாகக் கலைத்துவிடுகிறார்கள். விதிகள் பக்கத்தில், ஆடுகிறவர்களுக்குச் சராசரியாகத் திரும்பும் பங்கைச் சொல்லும் RTP சதவீதம் போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இதை எழுதியிருப்பார்கள். போன கையில் ஆறு சின்னச் சீட்டுப் போனதை நான் ஞாபகம் வைத்திருக்கலாம். ஆனால் அந்த ஆறும் திரும்ப உள்ளே போய்விட்டன. பந்தயம் வைக்கும் நேரத்தில் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம். தப்பில்லாமல் எண்ணினாலும் பூஜ்யம்தான், ஆப் எண்ணினாலும் பூஜ்யம்தான்.

கை நடக்கும்போது கண்ணுக்குத் தெரியும் சீட்டுகளால் பலன் இல்லையா என்றால், கொஞ்சூண்டு உண்டு. மேலே சொன்ன 16-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அது 10-ம் 6-ம் சேர்ந்த 16 ஆக இல்லாமல் 4, 5, 7 என்று மூன்று சீட்டாக வந்ததென்றால், நமக்குத் தேவையான 4-ம் 5-ம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டன. மயிரிழை இப்போது மறுபக்கம் சாய்கிறது, நிற்பது மேல். ஒவ்வொரு கைக்கும் கலைக்கும் ஆட்டத்திலும் இது செல்லும், நானும் அப்படித்தான் ஆடுகிறேன். ஆனால் பந்தயம் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது, மிச்சமாவது பைசாக் கணக்குத்தான்.

நிஜ மேசைகளிலும் இதே வேலையைச் செய்யும் இயந்திரம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம்: கை முடிந்ததும் டீலர் சீட்டுகளை வலப்பக்கத் தட்டில் அடுக்கி வைக்காமல், சீட்டு வருகிற அதே பெட்டிக்குள் திருப்பிப் போட்டால், அது தொடர்ந்து கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம். இப்போது போட்ட சீட்டு உடனே வெளியே வராது என்பதால் இம்மியளவு தகவல் மிஞ்சும். அதை வைத்துப் பந்தயத்தை ஏற்றும் அளவுக்கு அது போதாது. இன்னொன்று, கலைக்க நிறுத்தாததால் ஒரு மணி நேரத்தில் அதிகக் கைகள் ஓடும். அரை சதவீதம் அதே அரை சதவீதம்தான், அதைக் கட்டும் தடவைகள்தான் கூடுகின்றன.

லைவ் மேசையில் நிஜப் பெட்டி இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எட்டுக் கட்டு, அதில் பாதியில் வெட்டுச் சீட்டைச் செருகிவிடுவார்கள். நாலு கட்டுப் போனதும் கலைத்துவிடுவார்கள். மூன்று கட்டுப் போயிருக்கிறது, கூட்டல் பத்தில் நிற்கிறது என்று வையுங்கள். பார்க்கப் பெரிதாக இருக்கும். மிச்சம் ஐந்து கட்டால் வகுத்தால் வெறும் இரண்டு. அந்த இரண்டும் அதற்கு மேலும் கிடைப்பது, நான் போட்ட கணக்கில், நூறு கைக்குச் சுமார் எட்டுக் கைதான்.

மீதி 92 கைக்கு ஐந்து பவுண்டு வைத்து ஆடினால் சராசரியாக ஏறக்குறைய இரண்டே முக்கால் பவுண்டு போகும். அந்த எட்டுக் கைக்கு இருபது வைத்தால் திரும்புவது ஒன்றேகால் பவுண்டு. மொத்தத்தில் நட்டம்தான். பத்து மடங்கு ஏற்றி ஐம்பது வைத்தால் மூன்று பவுண்டுக்குச் சற்று மேலே வரும். கழித்தால் நூறு கைக்கு நாற்பது, ஐம்பது பென்ஸ் லாபம். அதே நூறு கையில் சாதாரண ஏற்ற இறக்கமே 170 பவுண்டு அளவுக்கு இருக்கும். அந்த நாற்பது பென்ஸ் நிஜமா, அதிர்ஷ்டமா என்று கண்டுபிடிக்க ஒரு ஆயுள் போதாது. ஐந்திலிருந்து ஐம்பதுக்குத் திடீர் திடீரென்று தாவும் பந்தயம் அந்தத் தளத்தின் பதிவிலும் வரிவரியாக இருக்கும்.

ஆறு கட்டில் ஐந்து கட்டுவரை போடும் பழைய மேசையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே கடைசியில் மிச்சம் ஒரே கட்டு. அதே பத்து அங்கே உண்மையாகவே பத்து. சீட்டு எண்ணிச் சம்பாதித்தவர்களின் கதைகள் அந்த ஆழத்திலிருந்து வந்தவை.

ஆப் விற்பவர்கள் காட்டும் வீடியோக்களில் எண்ணிக்கை ஏறுவது தெரியும், ஜெயித்த கைகளும் தெரியும். மிச்சம் எத்தனை கட்டு, எப்போது கலைத்தார்கள் என்பதை நான் பார்த்தவற்றில் யாரும் காட்டவில்லை. அடுத்த தடவை மச்சான் ஆப் வாங்கப்போகிறேன் என்றபோது, அந்த இரண்டை மட்டும் விற்பவரிடம் கேட்கச் சொன்னேன். "கேட்டேன், பதிலே வரலை" என்றார்.