கிலோ கணக்கா, பை கணக்கா? விடுதித் துணியை எடுத்துத் துவைத்துக் கொடுப்பவர்களுக்கு

பிரிக்பீல்ட்ஸ், பங்சார் பக்கம் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் துணி எடுத்து டோபிக் கடையில் துவைத்துக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. நாலைந்து பேர் துணியைச் சேர்த்துப் பெரிய இயந்திரத்தில் போட்டு எடைக்குக் காசு வாங்கலாம். அல்லது ஒருவருடைய பைக்கு ஓர் இயந்திரம் என்று தனியாகவே முடிக்கலாம். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

சேர்த்துத் துவைத்தால் செலவு குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு துணிக்கும் எண் கட்ட வேண்டும். சாயம் விடும் பாத்தேக் சட்டை ஒன்று உள்ளே போனால் நாலு வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முடிவைத் தீர்மானித்தது உலர்த்துவது.

ஐந்து கிலோ துணியை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ஜீன்ஸ், இரண்டு துண்டு, மற்றவை சட்டை, டி-சட்டை. பருத்தி அதிகமாக இருந்தால் பிழிந்த பிறகும் இரண்டு, இரண்டரை கிலோ தண்ணீர் உள்ளே தங்கும். உலர்த்தியின் தொட்டி பாதிக்கு மேல் நிரம்பினால் துணி புரள இடமில்லை, சூடான காற்று நடுவில் போகாது. அதனால் பத்து கிலோ உலர்த்திக்கு ஐந்து கிலோ பை அளவாக அமைகிறது. பை கணக்கில் துவைக்கும்போது வீணாகத் தெரியும் இடம், உலர்த்தும்போது தேவையான இடமாகிவிடுகிறது.

சேர்த்துப் போட்டால் மெல்லிய சட்டைகள் முதலில் காய்ந்துவிடும். மேலே தொட்டுப் பார்ப்பவர் எல்லாமே காய்ந்துவிட்டது என்று நிறுத்துவார். ஜீன்ஸின் இடுப்புப் பட்டையும் பாக்கெட் உள்துணியும் ஈரமாகவே இருக்கும். அதைச் சூட்டோடு மடித்துப் பிளாஸ்டிக் பையில் கட்டினால், நம்மூர் புழுக்கத்தில் மறுநாளே முடைநாற்றம் வரும். வாடிக்கையாளர் சோப்பைக் குறை சொல்வார். நாம் வாசனைத் திரவத்தைக் கூட்டுவோம். இரண்டாலும் பயனில்லை, ஈரம் ஈரம்தான்.

தனிப் பையில் இதைக் கவனிப்பது சுலபம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் திறந்து சட்டைகளை எடுத்துவிடுங்கள். ஜீன்ஸும் துண்டும் மட்டும் தொடரட்டும். முடிந்ததும் இடுப்புப் பட்டையின் தையலை விரலால் அழுத்திப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம். பிறகு மேசையில் பரப்பிச் சூடு தணிந்தபின் மடியுங்கள். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு சுற்றுக்கும் முன் துடைக்காவிட்டால் இந்த நேரக் கணக்கே தப்பும்.

அயர்ன் செய்ய வேண்டிய அலுவலகச் சட்டைகளை லேசான ஈரத்திலேயே எடுத்துத் தொங்கவிட்டால் சுருக்கம் விரைவில் போகும். பாலியஸ்டர் கலந்ததற்குக் குறைந்த சூடு போதும், இல்லையென்றால் பளபளப்பு ஏறிவிடும். இவற்றுக்கு எடை பார்க்காமல் உருப்படிக்குக் காசு வாங்குவதே நியாயம்.

வாடிக்கையாளர்கள் எல்லாருமே ஒரே சீருடை அணியும் தொழிலாளர்கள் என்றால் கிலோ கணக்குக்கு நானும் சம்மதிப்பேன். துணி ஒரே தடிமன், ஒரே நேரத்தில் காயும். எண் கட்டும் வேலை மட்டும் இருக்கும். கலவையாக வரும் விடுதிப் பைக்கு அது ஒத்துவராது.