டயரா, டி-ரப்பரா? சிறு மீன்பிடி ஜெட்டிக்கு ஒரு கணக்கு

18 மீட்டர் விசைப்படகுகளும் 9 மீட்டர் பைபர் படகுகளும் ஒரே ஜெட்டியில் அணைகின்றன. இடம் சென்னைக் கடற்கரை என்று வைத்துக்கொள்வோம். படகு இடிக்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் மெத்தைதான் ஃபெண்டர். அந்தப் பேச்சு வந்தால் இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, சங்கிலியில் தொங்கும் பழைய லாரி டயர். மற்றது, போல்ட் போட்டு இறுக்கிய டி-வடிவ ரப்பர். விலையில் டயரை எதுவும் வெல்லாது. ஆனாலும் முதலில் மோதலின் கணக்கைப் போட்டுவிடலாம்.

```
E = ½ × M × V² × Cm × Ce
```

E ஃபெண்டர் வாங்க வேண்டிய மோதல் சக்தி. M படகின் எடை: டீசல், ஐஸ், மீன் எல்லாம் சேர்த்து 50 டன். V அணையும் வேகம்: அலை உள்ளே வரும் இடம் என்பதால் நொடிக்கு 0.5 மீட்டர். Cm, படகோடு சேர்ந்து நகரும் தண்ணீருக்கானது: ஆழம் 2 மீட்டர், அகலம் 5.5 மீட்டர் என்றால் 1.73. முன்பக்கம் முதலில் தொட்டுப் படகு திரும்பிவிடுவதால் Ce 0.5. இவற்றைப் பெருக்கினால் 5.4 கிலோஜூல். சிறிய படகுகள் அணைவதில் ஒழுங்கு குறைவு, அதனால் நான் இதை இரண்டால் பெருக்கி 10.8 என்று எடுப்பேன். வேகம் 0.7 ஆனாலே சக்தி ஏறத்தாழ இரட்டித்துவிடும். ஆகவே எடையைவிட வேகத்தைத்தான் மீனவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்: வாடைக்காற்றில் எப்படி அணைக்கிறீர்கள், எஞ்சினை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று.

30 செ.மீ. உயர டி-ரப்பர் பாதியளவு, அதாவது 15 செ.மீ. அமுங்கி இந்தச் சக்தியை வாங்கினால், உச்ச விசை சுமார் 15 டன். அந்த ஜெட்டித் தூண்களை இதற்கு வடிவமைக்க முடியும். டயர் வேறு மாதிரி நடந்துகொள்ளும். முதலில் மெத்தென்று அமுங்கும். இரண்டு பக்கச் சுவர்களும் ஒட்டியதும் கட்டைதான். டயர் 4 கிலோஜூலை மட்டும் வாங்கிவிட்டு, மிச்சம் 6.8 கிலோஜூல் 3 செ.மீ.க்குள் நிற்க வேண்டியிருந்தால், சராசரி விசையே 23 டன். அது தூணுக்கும் போகும், படகின் பக்கப் பலகைக்கும் போகும்.

சரி, அப்படியானால் டி-ரப்பர்தானே என்று முடித்துவிட முடியாது. எப்படிப் பொருத்துகிறோம் என்பது ஏற்ற வற்றத்தில் இருக்கிறது. சென்னையில் பெருநீர் ஏற்றம் கடல் வரைபட மட்டத்திலிருந்து 1.15 மீட்டர், வற்றம் 0.14. வித்தியாசம் ஒரு மீட்டர்தான். ஆனால் படகுகளின் உயரமும் வேறு வேறு. வற்றத்தில் பைபர் படகின் விளிம்பு 0.75 மீட்டர் வாக்கில் நிற்கும், ஏற்றத்தில் காலி விசைப்படகின் விளிம்பு 2.6-ஐத் தொடும். ஃபெண்டர் இந்த இரண்டுக்கும் நடுவே முழுதும் இருக்க வேண்டும்.

நான் பார்த்த ஒரு ஜெட்டியில் டி-ரப்பரைத் தளத்தின் விளிம்போடு படுக்கையாகப் போட்டிருந்தார்கள். பார்க்க நேர்த்தியாக இருந்தது. விடியற்காலை வற்றத்தில் ஒரு பைபர் படகின் விளிம்பு அதற்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. நீர் ஏற ஏற, படகு மேலே வர முடியாமல் விளிம்பு பிளந்தது. அதே ரப்பரை 0.5 மீட்டரிலிருந்து தளம் வரை நெட்டுக்குத்தாகப் போட்டிருந்தால் படகு வழுக்கி ஏறியிருக்கும்.

நெட்டுக்குத்தாகப் போடும்போது ஒரு பொறி உண்டு. தயாரிப்பாளர் பட்டியலில் வரும் திறன் ஒரு மீட்டர் நீளமும் சேர்ந்து அமுங்குவதற்கானது. படகின் விளிம்புக் கட்டை நெட்டுக்குத்து ரப்பரைக் குறுக்கே தொடும் இடம் ஓரிரு சாண்தான். 30 செ.மீ. மட்டும் தொட்டால் பட்டியல் எண்ணில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவுதான் நம் கணக்குக்கு. இதை மறந்தால் ஒரு அளவு சின்ன ரப்பர் வாங்கிவிடுவோம். இடைவெளியும் அப்படித்தான்: படகு நீளத்தில் 0.15 பங்குக்கு மேல் கூடாது என்பது வழக்கம். விசைப்படகுக்கு 2.7 மீட்டர் போதும், பைபர் படகுக்கு 1.35 வேண்டும். நெருக்கமாகப் போட்டால் காசு கூடும், ஆனால் இங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், முனை இரண்டு ரப்பருக்கு நடுவே புகுந்து தூணில் இடிக்கும்.

பெரிய துறைமுகங்களின் கூம்பு ஃபெண்டர் இந்த இடத்துக்கு வேண்டாம். அது லேசாக அமுங்கும்போதே முழு எதிர்விசைக்குக் கிட்டே போய்விடும், பைபர் படகு தாங்காது.

டயருக்கும் ஓர் இடம் இருக்கிறது. அடுத்தடுத்து மூன்று நான்கு படகுகளைப் பக்கவாட்டில் கட்டும்போது படகுக்கும் படகுக்கும் நடுவே அதைவிட நல்லது இல்லை. நைலான் டயராகப் பாருங்கள், கம்பி வைத்த ரேடியல் டயர் கிழிந்தால் உள்ளிருக்கும் எஃகு முள் பைபரைக் கீறும். ஜெட்டிச் சுவரில் தொங்கவிட்டால் அலை டயரைத் தூக்கித் தளத்தில் போட்டுவிடும், சங்கிலி தேயும்.

டி-ரப்பரிலும் போல்ட்தான் வலுவற்ற இடம். துருப்பிடிக்காத எஃகு போல்ட் ரப்பருக்குள் நன்றாகப் பதிந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வற்றத்தில் போய்க் கையால் தடவிப் பாருங்கள். ரப்பர் தேய்ந்து போல்ட் தலை விரலில் தட்டுப்பட்டால், அந்தத் துண்டை அன்றே கழற்றிவிடுங்கள்.